தப்பறைக்கு உரிமை உண்டா?

ஒரு மதம் மற்ற மதங்களைச் சகித்துக்கொள்கிறதா என்று பேச ஆரம்பித்தால், நாம் பெரும்பாலும் அந்த மதத்தின் நூல்களில் உள்ள பெருந்தன்மையான வரிகளைத்தான் தேடுகிறோம். ஒவ்வொரு தரப்பும் நாலு நல்ல வரியை எடுத்துப் போடும், எதிர்த்தரப்பு நாலு கொடூரமான வரியை எடுத்துப் போடும், விவாதம் அங்கேயே நின்றுவிடும். நான் சில வருடங்களாக வேறு ஒரு வழியில் இதைப் படித்து வருகிறேன். பெருந்தன்மையை ஓரமாக வைத்துவிட்டு, காரணத்தைப் பார்ப்பது. "உன்னை விட்டுவைக்கிறேன்" என்று சொல்லும் மதம் அதற்கு என்ன காரணம் சொல்கிறது? அந்தக் காரணம் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது? அப்படித் தீர்ந்துபோகும் இடத்தில் நிற்கும் மனிதர் யார்? மென்பொருள் வேலையில் எட்ஜ் கேஸ் என்போமே, அதேதான். சாதாரண உள்ளீட்டுக்கு எல்லா நிரலும் ஒழுங்காகத்தான் ஓடும். ஓரத்தில் இருப்பதைக் கொடுத்தால்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

இதைச் சோதித்துப் பார்க்க மிக வசதியான மதம் கத்தோலிக்கம். "உண்மை எங்களிடம்தான்" என்பதை ஒளிக்காமல் சொல்லும் மதம். அதே சமயம் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைத்த மதம். 1965 டிசம்பர் 7-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய ஓர் அறிக்கையை வெளியிட்டது. லத்தீனில் அதன் முதல் சொற்களை வைத்து 'டிக்னிட்டாட்டிஸ் ஹுமானே' என்பார்கள். 'மனித மாண்பு' என்று பொருள். ஆதரவு 2308, எதிர்ப்பு 70. இந்தக் கட்டுரை அந்த அறிக்கையைப் பற்றியது. ஆனால் அது எதைச் சாதித்தது என்று புரிய, அதற்கு முன்னால் இருந்த மூன்று காரணங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

முதல் காரணம்: தடுத்தால் இன்னும் கெட்டுப்போகும்

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதைத் தெளிவாகவே எழுதிவைத்தார். கடவுளே உலகத்தில் சில தீமைகளை விட்டுவைத்திருக்கிறார், ஏனென்றால் அவற்றைப் பிடுங்கினால் பெரிய நன்மைகளும் கூடவே போய்விடும். ஆட்சியாளரும் அப்படியே செய்யலாம். பிற மதத்தாரின் சடங்குகள் தவறானவைதான், ஆனாலும் அதைவிடப் பெரிய கேட்டைத் தவிர்க்கப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதில் அடுத்தவருக்கு உரிமை என்று எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பொறுத்துக்கொள்வது ஆட்சியாளரின் கணக்கு. கணக்கு மாறினால் பொறுமையும் மாறும்.

19-ஆம் நூற்றாண்டில் இது ஒரு முழுக் கோட்பாடாகவே ஆனது. தப்பறை என்பது தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய சொல். விசுவாசத்துக்கு மாறான தவறான போதனை. "தப்பறைக்கு உரிமை கிடையாது, உண்மைக்குத்தான் உரிமை" என்பது அந்தக் காலத்துக் கோஷம். 1864-இல் ஒன்பதாம் பத்திநாதர் 80 தப்பறைகளின் பட்டியலை வெளியிட்டார். சில கத்தோலிக்க நாடுகளில் குடியேறிய வேற்று மதத்தார் பகிரங்கமாக வழிபட சட்டம் அனுமதித்தது நல்ல காரியம் என்று சொல்வதும் அந்தப் பட்டியலில் ஒரு தப்பறை. ஐரோப்பாவே கொந்தளித்தது. அப்போது ஓர்லியன்ஸ் ஆயர் டுபான்லூ போன்றவர்கள் ஒரு விளக்கம் சொல்லிச் சமாளித்தார்கள். பட்டியல் பேசுவது லட்சிய நிலையை, நடைமுறை நிலை வேறு என்றார்கள். லட்சிய நிலையில், அதாவது கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், அரசு உண்மை மதத்தை மட்டும் ஆதரிக்க வேண்டும். நடைமுறை நிலையில், அதாவது சிறுபான்மையாக உள்ள நாட்டில், எல்லோருக்கும் சுதந்திரம் கேட்கலாம்.

இதை ஒரு சாதாரண அமெரிக்க புராட்டஸ்டண்டு எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். "நாங்கள் குறைவாக இருக்கும்போது உன் கொள்கைப்படி எங்களுக்குச் சுதந்திரம் கொடு. நாங்கள் அதிகமானதும் எங்கள் கொள்கைப்படி உனக்குக் கொடுக்க மாட்டோம்." வேறு எப்படியும் கேட்க முடியாது. இது வெறும் கற்பனையும் இல்லை. பிராங்கோவின் ஸ்பெயினில் 1945-ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம், வேற்று மதத்தார் தனிப்பட்ட முறையில் வழிபடுவதை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றது. ஆனால் கத்தோலிக்கம் தவிர வேறு எந்த மதத்தின் வெளிப்படையான சடங்குக்கும் அடையாளத்துக்கும் அனுமதி இல்லை என்று அதே பிரிவில் சொன்னது. முதல் காரணம் தீர்ந்துபோகும் இடம் இதுதான்: சகிக்க வேண்டிய கட்டாயம் போன இடம்.

இரண்டாம் காரணம்: நம்பிக்கையைக் கட்டாயப்படுத்த முடியாது

இது முன்னதைவிட நல்ல காரணம். கழுத்தில் கத்தி வைத்தால் வாய் ஒப்புக்கொள்ளும், மனசு ஒப்புக்கொள்ளாது. கடவுளுக்கு வேண்டியது மனசு. ஆகவே கட்டாயம் வீண். கேட்க முழுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்கு இரண்டு ஓரங்கள் உண்டு.

முதல் ஓரத்தைக் கண்டுபிடித்தவர் புனித அகுஸ்தீனார். வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிந்துபோன கிறிஸ்தவர்களை அரசு வற்புறுத்திச் சேர்க்கலாமா என்று கேள்வி வந்தபோது, ஆரம்பத்தில் வேண்டாம் என்றார். போலிக் கத்தோலிக்கர்கள்தான் கிடைப்பார்கள் என்ற பயம். 408-இல் எழுதிய ஒரு கடிதத்தில் மனம் மாறியதற்குக் காரணம் சொல்கிறார். அவருடைய சொந்த ஊரே பேரரசரின் சட்டங்களுக்குப் பயந்து மாறியது. மாறியவர்கள் பிறகு உண்மையாகவே நம்ப ஆரம்பித்தார்கள், நன்றியும் சொன்னார்கள். அதாவது, கட்டாயம் பலிக்காது என்பதுதான் உங்கள் ஒரே காரணம் என்றால், பலித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? அகுஸ்தீனார் தரவைப் பார்த்தார், முடிவை மாற்றிக்கொண்டார். காரணத்தில் இருந்த ஓட்டை அது.

இரண்டாவது ஓரம் இன்னும் கூர்மையானது. அக்வினாஸ், ஞானஸ்நானமே பெறாத யூதரையோ மற்றவரையோ கட்டாயப்படுத்தி விசுவாசிகளாக்கக் கூடாது என்றார். ஆனால் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டு விலகியவரைக் கட்டாயப்படுத்தலாம் என்றார். வாக்கு கொடுப்பது உன் இஷ்டம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது கடமை. வாசலில் சுதந்திரம் உண்டு, உள்ளே வந்தபின் இல்லை.

இது என்ன செய்யும் என்பதற்கு ஒரு குடும்பத்தின் கதை போதும். 1858 ஜூன் மாதம், பொலோஞா நகரம். அப்போது அது திருத்தந்தையின் ஆட்சியில் இருந்த பகுதி. மோர்த்தாரா என்ற யூதக் குடும்பத்தின் வீட்டுக்குக் காவலர்கள் வந்தார்கள். அவர்களுடைய மகன் எட்கார்தோவுக்கு அப்போது ஆறு வயது. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது நோயில் செத்துவிடுவான் என்று பயந்து, வீட்டில் வேலை செய்த கத்தோலிக்கப் பெண் யாருக்கும் தெரியாமல் அவன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அது விசாரணை மன்றத்தின் காதுக்கு எட்டியது. பையனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இங்கே சட்டத்தின் ஒவ்வொரு படியையும் பாருங்கள். யூதக் குழந்தைகளுக்குப் பெற்றோர் விருப்பத்துக்கு எதிராக ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்பது அக்வினாஸே சொன்ன விதி. அந்தப் பெண் செய்தது திருச்சபையின் பார்வையிலும் முறையானதல்ல. ஆனால் முறையாகச் செய்த ஞானஸ்நானம், யார் செய்தாலும் செல்லும். செல்லும் என்றால் அவன் கிறிஸ்தவன். கிறிஸ்தவக் குழந்தை யூத வீட்டில் வளர்ந்தால் விசுவாசத்தை இழந்துவிடும். ஆகவே அவனைப் பிரிக்க வேண்டும். யூதர்களை மதம் மாறச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களுடைய பார்வையில் சகிப்புத்தன்மை மீறப்படவே இல்லை! நெப்போலியன் III உட்பட உலகமே கண்டித்தது. ஒன்பதாம் பத்திநாதர் அசையவில்லை. எட்கார்தோ குருவானவராகி 1940-இல் பெல்ஜியத்தில் இறந்தார். வளர்ந்தபின் வீடு திரும்பும் வாய்ப்பு வந்தபோதும் அவர் திரும்பவில்லை. அகுஸ்தீனாரின் தரவு இங்கேயும் பொருந்திவிடுகிறது என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம்.

மூன்றாம் காரணம்: உன்னிடமும் கொஞ்சம் உண்மை உண்டு

நமக்கு மிகவும் பழக்கமான காரணம் இது. எல்லாம் ஒன்றுதான், வழிதான் வேறு என்று திண்ணையில் பேசுவது. ஆனால் கொள்கை உள்ள மதங்கள் இதை அப்படியே சொல்வதில்லை, படிக்கட்டாகச் சொல்கின்றன. சைவ சித்தாந்தத்தில் அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் நல்ல உதாரணம். எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அந்தத் தெய்வமாக வந்து அருள்வது சிவனே என்ற கருத்து அதில் உண்டு. அதே நூலின் பரபக்கம் உலகாயதர், பௌத்தர், சமணர், மாயாவாதி என்று 14 தரப்பை வரிசையாக நிறுத்தி மறுக்கிறது. இரண்டும் முரண் இல்லை. உன் வணக்கம் வீண் போகாது, ஏனென்றால் அது எங்கள் இறைவனிடம்தான் வருகிறது என்பது நிலைப்பாடு.

கத்தோலிக்கத்திலும் 1965 அக்டோபரில் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' என்ற அறிக்கை, மற்ற மதங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்ற கருத்தைச் சொன்னது. இறையியலாளர் கார்ல் ரானர் ஒரு படி மேலே போய், நல்ல மனசோடு வாழும் பிற மதத்தாரை 'பெயரில்லாத கிறிஸ்தவர்கள்' என்றார். ஜப்பானியத் தத்துவவாதி நிஷிதானி அவரிடம், அப்படியானால் உங்களை நான் பெயரில்லாத ஜென் பௌத்தர் என்று சொல்லலாமா என்று கேட்டாராம். தாராளமாகச் சொல்லுங்கள், எனக்குப் பெருமைதான் என்பது ரானரின் பதில். ரானரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அழகான உரையாடல். ஆனால் இதை வைத்து ஒருவரைப் பாதுகாக்க முடியுமா? "உன் படிக்கட்டில் எனக்கு இடமே வேண்டாம், நான் சொல்வதும் நீ சொல்வதும் நேர் எதிர்" என்று ஒருவர் சொன்னால்? கடவுளே இல்லை என்பவர்? எங்கள் மதத்திலிருந்து விலகிப் போனவர்? அவரிடம் உள்ள 'கொஞ்சம் உண்மை'யைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் விட்டுவைப்போமா? இந்தக் காரணம் மரியாதைக்கு உதவும், பாதுகாப்புக்கு உதவாது. நம்முடன் ஒத்துப்போகிற அளவுக்குத்தான் அதன் கை நீளும்.

நான்காம் காரணம்: உரிமை கருத்துக்கு அல்ல, ஆளுக்கு

இப்போது 1965-க்கு வரலாம். ஜான் கோர்ட்னி மர்ரி என்ற அமெரிக்க இயேசு சபைக் குரு இதே பிரச்சினையைப் பற்றி எழுதி வந்தவர். 1950-களின் நடுவில் இந்தத் தலைப்பில் எழுதாதே என்று மேலிடம் நிறுத்திவைத்தது. சங்கத்தின் முதல் அமர்வுக்கு அவருக்கு அழைப்பு இல்லை. 1963-இல் நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன் அவரை நிபுணராக அழைத்துக்கொண்டு போனார். எதிரணியில் கர்தினால் ஒத்தாவியானி, விசுவாசக் கோட்பாட்டைக் காக்கும் துறையின் தலைவர்.

பல முறை திருத்தி எழுதினார்கள். 1964 நவம்பரில் வாக்கெடுப்பு கடைசி நேரத்தில் தள்ளிப்போனபோது அமெரிக்க ஆயர்கள் கொதித்துப்போனார்கள். 1965 செப்டம்பரில் விவாதம் மறுபடி வந்தது. அதில் பிராகா கர்தினால் யோசப் பெரான் பேசியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நாஜிகளின் தாகௌ முகாமில் இருந்தவர், பிறகு கம்யூனிஸ்ட் அரசு பல வருடம் அடைத்துவைத்தவர். அரசு திருச்சபையை நசுக்குகிறது, எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, 1415-இல் யான் ஹுஸை எரித்ததையும், 17-ஆம் நூற்றாண்டில் செக் மக்களைக் கட்டாயமாகக் கத்தோலிக்கராக்கியதையும் எடுத்துச் சொல்லி, எங்கள் திருச்சபை இன்று படும் துன்பம் அன்று மனசாட்சிக்கு எதிராகச் செய்த தவறுகளுக்கான பரிகாரம்போல இருக்கிறது என்ற பொருளில் பேசினார். மறுநாள் நடந்த வாக்கெடுப்பில் 1997 பேர் ஆதரவு, 224 பேர் எதிர்ப்பு.

அறிக்கையின் வாதத்துக்கு வருவோம். ஆரம்பத்திலேயே ஒரே உண்மை மதம் கத்தோலிக்கத் திருச்சபையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. உண்மையைத் தேடுவதும், கண்டபின் அதைப் பற்றிக்கொள்வதும் எல்லோருக்கும் கடமை என்கிறது. பிரத்தியேக உரிமைகோரலில் ஓர் அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. பிறகு, மதவிஷயத்தில் எந்த மனிதரையும், எந்த அரசும், எந்தக் குழுவும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. காரணம் மனிதராக இருப்பதன் மாண்பு. அடுத்து வருவதுதான் மொத்த அறிக்கையின் உயிர்நாடி: உண்மையைத் தேடும் கடமையைச் செய்யாதவருக்கும் இந்த உரிமை உண்டு.

"தப்பறைக்கு உரிமை கிடையாது" என்ற பழைய கோஷத்தில் எழுவாயே தப்பு என்பதுதான் மர்ரி போன்றவர்களின் கண்டுபிடிப்பு. தப்பறை ஒரு கருத்து. கருத்துக்கு உரிமையும் கிடையாது, உரிமையின்மையும் கிடையாது. சொத்து வாங்குவதோ வழக்குப் போடுவதோ கருத்து செய்கிற வேலை இல்லையே! உரிமை மனிதருக்கு. தப்பான கருத்து உள்ள மனிதர் மனிதராக இருப்பதை நிறுத்துவதில்லை.

கடன் விவகாரம் மாதிரி யோசித்தால் எளிது. எனக்கு ஒருவர் பணம் தர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கம்பை எடுத்துக்கொண்டு போய் அதை வசூல் பண்ண முடியாது. கடன் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுதான் அர்த்தம். உண்மையை ஏற்கும் கடமை மனிதர் கடவுளுக்குப் பட்ட கடன். அரசாங்கத்துக்கு அதை வசூலிக்கும் பவர் ஆஃப் அட்டர்னி யாரும் எழுதித் தரவில்லை. பிரத்தியேக உண்மையையும் சகிப்பையும் ஒரே கையில் பிடிக்க இந்த அறிக்கை கண்ட வழி இவ்வளவுதான். "நீ சொல்வதும் சரிதான்" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. "நீ சொல்வது தப்பு, ஆனாலும் உன்மேல் கை வைக்க எவனுக்கும் அதிகாரம் இல்லை" என்று சொல்லலாம்.

விளைவும் தெரிந்தது. கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி சட்டம் செய்வதாகச் சொல்லிக்கொண்ட பிராங்கோ அரசுக்குக் கோட்பாடு மாறியதும் வேறு வழியில்லை. 1967-இல் சாசனத்தின் அந்தப் பிரிவைத் திருத்தி, சமயச் சுதந்திரச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தார்கள்.

எங்கே இடிக்கிறது

இந்த நாலாவது காரணத்தையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும்தானே. இரண்டு இடங்களில் இடிக்கிறது.

ஒன்று, எல்லை. நியாயமான பொது ஒழுங்கு கெடாத வரைக்கும்தான் இந்த உரிமை. எந்தச் சட்டத்திலும் ஏதோ ஓர் எல்லை இருக்கும், தப்பில்லை. ஆனால் பொது ஒழுங்கை வரையறுப்பது அரசு. ஸ்பெயினின் 1967 சட்டமே கத்தோலிக்கர் அல்லாத சபைகள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், உறுப்பினர் விவரம் தர வேண்டும் என்றது. சில புராட்டஸ்டண்ட் சபைகள் பதிவு செய்யவே மறுத்தன. முன்வாசலில் விட்ட அதிகாரத்தை அரசு கொல்லைப்பக்கம் வழியாக எடுத்துக்கொள்ளும் சாத்தியம் எப்போதும் உண்டு.

இரண்டாவது, நேர்மை. பாரம்பரியப் போதனையை நாங்கள் தொடவே இல்லை என்று அறிக்கை ஆரம்பத்தில் சொல்கிறது. பேராயர் மார்செல் லெஃபெவ்ர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1864-இல் கண்டித்ததைத்தான் 1965-இல் போதிக்கிறீர்கள் என்றார். 1970-இல் தனிச் சங்கம் தொடங்கினார், 1988-இல் அனுமதியில்லாமல் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தித் திருச்சபை விலக்குக்கு ஆளானார். அதற்கு மறுபக்கத்தில், பதினாறாம் பெனடிக்ட் 2005 டிசம்பர் உரை ஒன்றில், மாறியது சூழ்நிலைக்கு ஏற்ற முடிவுகள்தான், அடிப்படைக் கொள்கை தொடர்கிறது என்ற கருத்தில் பேசினார்.

எனக்கு இதில் லெஃபெவ்ர் வாசித்த விதம்தான் சரி என்று படுகிறது, அவருடைய முடிவு அல்ல. ஒன்பதாம் பத்திநாதர் கண்டித்தது எல்லா மதமும் சமம் என்ற தத்துவத்தை மட்டும் அல்ல. குடியேறிய வேற்று மதத்தார் பகிரங்கமாக வழிபடுவதைப் பாராட்டியதையும் சேர்த்துத்தான் கண்டித்தார். அது மாறியிருக்கிறது. அதை மாற்றம் என்று சொல்லத் தயங்குவதற்குக் காரணமும் புரிகிறது. மாறியது என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு இன்னொரு சங்கம் திருப்பி மாற்றாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்வி வரும். மாறவில்லை என்றால், மோர்த்தாரா வீட்டுக்குக் காவலர் போனது கொள்கைத் தவறா, சூழ்நிலை முடிவா என்ற கேள்வி வரும். அறிக்கை இரண்டாவது கேள்வியோடு வாழத் தீர்மானித்தது. கடந்த காலத்தில் நற்செய்தியின் ஆவிக்கு ஒவ்வாத நடத்தைகள் இருந்தன என்று ஒரே இடத்தில், பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பெரான் பெயரோடும் வருடத்தோடும் சொன்னது அறிக்கைக்குள் அந்த அளவுக்குச் சுருங்கிப்போனது.

இவ்வளவு இருந்தும், நாலு காரணங்களில் எது உங்களைக் காப்பாற்றும் என்று கேட்டால் நான் நாலாவதைத்தான் சொல்வேன். அதுதான் நான் எத்தனை பேர், நான் சொல்வதில் எவ்வளவு உண்மை, நான் உள்ளே வந்து போனவனா என்று எதையும் கேட்பதில்லை. நம் ஊரில் மூன்றாவது காரணத்தைத்தான் சகிப்பின் உச்சம் என்று கொண்டாடுகிறோம். அடுத்த முறை ஏதாவது ஒரு மதத்தின் சகிப்புத்தன்மையை யாராவது புகழ்ந்தால், நாத்திகனை, விலகிப்போனவனை, படிக்கட்டில் ஏற மறுப்பவனை அந்தக் காரணத்துக்குள் போட்டுப் பாருங்கள். மூவரும் பத்திரமாக வெளியே வந்தால், அந்த மதம் தன்னிடம் மட்டும்தான் உண்மை இருக்கிறது என்று எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.